ராமசுப்ரமணியனின் குதிகால்

ராமசுப்ரமணியன் காப்பி குடித்த டம்ளரைக் கழுவினால் குழாய்த் தண்ணீர் கொதித்துவிடும் என்று வலியசாலை அக்கிரகாரத்தில் சொல்வார்கள். சூடு விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. சர்க்கரை நோய் மட்டும் பல வருஷமாக ஏமாற்றிக்கொண்டிருந்தது.

அந்த ஜூன் மாத இடவப்பாதி மழையில் அவர் கால் ஐஸ்கட்டியானது. அவர் மனைவி விஜயம் மாமி சாலைக் கடைத்தெருவில் ரப்பர் வெந்நீர்ப் பை வாங்கி வந்து, மிதமான வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றிக் காலடியில் வைத்தாள். அவர் பாதத்தைப் பதித்துப் பார்த்துவிட்டுக் கிணற்றுத் தண்ணியா என்று கேட்டார்.

மாமி விரலால் தொட்டாள். கொதிக்கிற வெண்கலப்பானையைத் துணியில்லாமல் இறக்கும் விரல்கள் அவை. நெருப்பே அவற்றைக் கண்டால் விலகிப் போகும். விரல்களும் அவர் பக்கம் பேசின. அடுத்த நாள் சூடு கூடியது. அதற்கடுத்த நாள் துண்டு போயிற்று. ஒரு மத்தியானம் கொதிநீரே நேராகப் பைக்குள் இறங்கியது.

"இப்பத்தான்டி கால்னு ஒண்ணு இருக்கறது தெரியறது" என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார். குறட்டையில் ஓடுகள் ஒரு விரற்கடை நகர்ந்தன.

சற்றுப் பொறுத்துப் பையை எடுக்க வந்த மாமியின் முன்கை உட்புறம் அதில் பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். போர்வையை விலக்கினால், வலது குதிகால் சிவந்து, அப்பளம் பொரிந்த மாதிரி ஒரு கொப்புளம். குறட்டை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவரை எழுப்பிக் குழாயடியில் உட்கார்த்தி வைத்து, பச்சைத் தண்ணீரை வெகுநேரம் காலில் ஓடவிட்டாள். தண்ணீர் வீணாகிறதென்று அவர் வைதார். பிறகு டாக்டர் பகவதிப்பெருமாளிடம் கூட்டிப்போனாள்.

"சுட்டா எனக்குத் தெரியாதா டாக்டர்?"

"கண்ணை மூடுங்க சாமி. நான் பஞ்சால தொடும்போ சொல்லணும், கேட்டேளா."

கண்ணை மூடினார். டாக்டர் பாதத்தில் ஐந்தாறு இடம் தொட்டார்.

"தொடுங்கோ டாக்டர், காத்திண்டிருக்கேன்" என்றார் ராமசுப்ரமணியன்.

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சர்க்கரை, பாதத்து உணர்ச்சியைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். வயசான தோல், அதிலும் தூங்குகிறவன் காலை இழுத்துக்கொள்ள மாட்டான். கொதிநீர் கூடவே கூடாது. நாற்பத்தைந்து டிகிரிகூட ஒரே இடத்தில் மணிக்கணக்காக இருந்தால் சுட்டுவிடும். கரண்டில் சூடாகும் மெத்தை என்று யாராவது விற்க வந்தாலும் இதே கதைதான். புண் பழுத்தால் காலையே எடுக்க வேண்டி வரலாம்.

"பையை மெத்தையை வெதுவெதுப்பாக்கத்தான் வைக்கணும். சாமி படுக்குமுன்ன எடுத்திரணும். காலுக்கு சாக்ஸ் போதும். சூடு பார்க்கறது, அம்மாவோட முன்கை உள்பக்கம். விரல் வேண்டாம்."

"அப்போ என் கால்?"

"அது இனி சாட்சி சொல்லாது."

கட்டு அவிழ ஓணம் வந்துவிட்டது. கால் முழுசாகத் தப்பியது. அன்றும் மழை. மாமி படுக்கையிலிருந்து பையை எடுத்து, வெந்நீரைக் கொட்டி, கொடியில் தொங்கவிட்டாள். சாக்ஸ் போட்ட காலை நீட்டி, மெத்தை சில்லென்று இருப்பதாக அவர் அறிவித்தார்.

மாமி முன்கையை மெத்தையில் வைத்துப் பார்த்தாள்.

"சூடாத்தான் இருக்கு. தூங்குங்கோ."

அவர் தூங்கினார்.