பச்சைப் படத்தின் கரை

கம்ப்யூட்டரில் செய்கிற எதையும் நான் நம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் தீபாவளிக்கு என் இரண்டு தறியும் ஓட வேண்டுமென்றால் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரஞ்சிதா வைத்திருக்கும் பேனர் கடைக்குப் போய்த்தான் தீர வேண்டும் என்று ஆகிவிட்டது.

சேலத்து ஜவுளிக்கடைக்காரர் குருமூர்த்தி அரக்குக் கரை போட்ட எங்கள் கடுகு மஞ்சள் பட்டுச்சேலையின் படத்தைப் பார்த்தார். மருமகள் தனப்பிரியா கட்டிக்கொண்டு நின்ற படம். "இதையே பச்சையிலயும் நீலத்துலயும் காட்டுங்க. பிடிச்சா ஒரு நிறத்துக்கு ஒரு தறின்னு வேலை தாரேன்" என்றார். நெய்து காட்ட நாள் இல்லை. படத்தில்தான் மாற்ற வேண்டும்.

ரஞ்சிதா முதலில் மஞ்சளை மட்டும் பிடித்துப் பச்சையாக்கினாள். கூடவே சரிகையும் பச்சை, தனப்பிரியாவின் கையும் பச்சை.

"ஏஞ்சாமி, மருமகளப் பச்சோந்தி ஆக்கிப்புட்டயே!"

"எல்லாம் மஞ்சச் சாயலுங்க தாத்தா. மிசினுக்கு எது சேல, எது தோலுன்னு தெரியாது. கையால வரையோணும்."

சேலையின் விளிம்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டாள். விரல்களை ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். நான் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வாளோ!

"கரை மேல ஒரு சொட்டு விழக்கூடாது."

"உழுகாதுங்க."

பச்சையை ஏற்றியதும் சேலையோரத்தில் மயிரிழை போல மஞ்சள் எட்டிப் பார்த்தது. கோடு துளி உள்ளே போய்விட்டதாம். அதைக் கொஞ்சம் வெளியே தள்ளி ஓரத்தை லேசாக மழுங்க விட்டாள், மஞ்சள் போயிற்று. முழங்கையின் அடியில் மட்டும் மஞ்சள் வெளிச்சம் நின்றது. பழைய சேலை கையில் அடித்த நிறம். அங்கே மஞ்சளைக் குறைத்தாள். பிறகு அதே கோட்டுக்குள் நீலத்தையும் ஏற்றினாள். குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு படத்தையும் அனுப்பச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சேருவதற்குள் குருமூர்த்தியின் போன்.

"என்னங்க, கோர்வைச் சேலைன்னு சொல்லவே இல்ல? கரை வெட்டி வச்சாப்ல தனியா நிக்குது! சொன்ன விலைக்கே தாரீங்களா? ரெண்டு நிறமும் ஆரம்பிச்சிருங்க."

கோர்வை என்றால் சேலையின் உடலுக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று, கரைக்கு வேறு ஊடை. சேருமிடத்தில் கோத்துக் கோத்து நெய்ய வேண்டும். தறியில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். எங்கள் சேலை சாதா. ஒரே ஊடைதான் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஓடும். உடல் பச்சையானால் கரையின் அரக்கிலும் பச்சை ஏறியே தீரும். இத்தனை காலம் நெய்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். படம் என்றதும் புத்தி போய்விட்டது.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் இரண்டு தறிக்கும் வேலை. ஆனால் சேலை போய்ச் சேர்ந்ததும் கட்டோடு திரும்பி வரும்.

"அது படத்துல தப்புங்க. சரியான படம் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுச் சாயக்காரரிடம் மிச்சம் கிடந்த பச்சை, நீல நூலை வாங்கிக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனேன்.

"கரையிலயும் நெறத்த ஏத்து சாமி."

ரஞ்சிதா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதானுங்க ஒரு சொட்டு ஆகாதுன்னு பக்கத்துலயே காவக் காத்தீங்க?"

"நாந்தான். இப்ப நானே சொல்றேன்."

ஓர் அட்டையில் அரக்கு நூலை நெடுக்கே சுற்றி, பச்சையைக் குறுக்கே கோத்துக் காட்டினேன். அவள் கரைக்குத் தனியாகக் கோடு போட்டு, அதில் சரிகையை மட்டும் விட்டுவிட்டு, அட்டையைப் பார்த்துப் பார்த்துப் பச்சையை மெல்ல ஏற்றினாள். அரக்கு மங்கிப் பழுப்படித்தது. நீலம் ஏறிய கரையோ நாவல்பழம் மாதிரி நன்றாக வந்தது.

படம் போனதும் குருமூர்த்தி கூப்பிட்டார். "பச்சை வேண்டாங்க, கரை அழுக்குப் பிடிச்சாப்ல இருக்குது. நீலம் மட்டும் நெய்யுங்க."

"அப்ப இன்னொரு தறி?"

"அதுல பச்சையக் கோர்வையாவே நெய்ங்க. எடுத்துக்கறேன், அதுக்குண்டான விலையும் தாரேன்."

வீட்டில் என் மனைவி சௌந்திரம் முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, கோர்வைக்கு அந்தப் பக்கம் உக்காந்து ஊடை தள்ளுவியா?"

"முட்டி மடங்காது."

"ஸ்டூல் போட்டுத் தாரேன்."

"கூலி?"

"ஊட்டுக்காரிக்குக் கூலியா?"

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர்காரியக் கூப்புட்டு உக்கார வெச்சுக்கோங்க" என்று முறத்தைத் தட்டினாள்.

தருகிறேன் என்றேன். வேறு வழி?