முதல் எண்

அந்தக் கைக்கடிகாரத்தை வாங்கி அனுப்பியவன் வெளிநாட்டில் இருக்கும் தம்பி. அதில் மூத்த மகளான பெரியவளுக்கு வருத்தமில்லை. அவனால் பணம்தான் அனுப்ப முடியும், அனுப்பட்டும். கடிகாரம் முதலில் அழைக்க வேண்டிய எண்ணாகக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் எண்ணைப் போட்டார்களே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அப்பா தனியாக இருக்கிறார். எழுபத்தொன்பது வயது. அச்சகத்தில் நாற்பது வருஷம் பிழை திருத்தியவர். இன்றைக்கும் மருந்துச் சீட்டில் எழுத்துப் பிழை இருந்தால் மாத்திரை போடுவதற்கு முன்பு அதைத் திருத்திவிடுவார். இரண்டு மாதத்துக்கு முன் மாடிப்படியில் தடுமாறி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிகாரம்.

பொருத்த வந்த கம்பெனி ஆள் நன்றாகத்தான் விளக்கினான். ஆள் விழுந்தால் கடிகாரம் கண்டுபிடித்துக் கூவும். ஒன்றுமில்லை என்றால் அரை நிமிஷத்துக்குள் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடலாம். நிறுத்தாவிட்டால் வரிசைப்படி ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடும். எடுத்தவர்களோடு கடிகாரத்திலேயே பேசலாம். யாரும் எடுக்காவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போகும். மெல்லச் சரிந்து உட்கார்ந்தால் சில சமயம் கண்டுபிடிக்காது, அப்போது பக்கத்துப் பொத்தானை நீங்களே அழுத்தணும் என்றும் சொன்னான். கடைசியாக, ஆள் எடுக்காதபோது பேச்சைப் பதிந்துகொள்ளும் வாய்ஸ் மெயில் பற்றி ஏதோ சொன்னான். பெரியவள் அப்போது வரிசையின் உச்சியில் இருந்த பெயரையே முறைத்துக்கொண்டிருந்தாள். காது எங்கே வேலை செய்யும்?

பெரியவள் பஸ் ஓட்டுகிறவள். பதினெட்டு வருஷ சர்வீஸ். பிரேக்கில் கால் வைக்கும் பக்குவத்தில் பயணிக்குத் தூக்கமே வந்துவிடும் என்று டிப்போவில் பேர் வாங்கியவள். அப்பா விஷயத்தில் மட்டும் அந்தப் பக்குவம் கிடையாது. அம்மா போன நாளிலிருந்து காலையில் சாப்பாடு கொண்டுபோவது, துணி துவைப்பது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது எல்லாம் அவள்தான். தையல்காரம்மா என்ன செய்தாள்? கீழே குடியிருக்கிறாள், அவ்வளவுதானே.

கடிகாரத்தின் ஆப் பெரியவளின் போனில் மட்டும் இருந்தது. அப்பா எங்கே இருக்கிறார் என்பதை அதில் ஒரு நீலப் புள்ளி காட்டும். முதல் வாரம் அக்கறையாகப் பார்த்தாள். இரண்டாவது வாரம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தினமும் நாலு மணிக்குப் புள்ளி கட்டடத்தின் பின்பக்கத்துக்கு நகர்ந்தது. அங்கே இருப்பது தையல்காரம்மாவின் கடை. ஐந்தரை வரைக்கும் அங்கிருந்து அசையவில்லை. அவள் சாப்பாடு கொண்டுபோனால் பத்தே நிமிஷத்தில் "நேரமாச்சு, நீ கிளம்பு" என்பவர் அங்கே ஒன்றரை மணி நேரம் உட்காருகிறார்.

ஒருநாள் காலை சாப்பாடு கொண்டுபோனபோது கேட்டேவிட்டாள்.

"நாலு மணிக்கு அங்க என்னப்பா வேலை?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "எங்க?"

"தையல் கடையில."

"பேப்பர் படிச்சுக் காட்டுறேன். அவங்க தைப்பாங்க. கண்ணைத் துணியிலேர்ந்து எடுக்க முடியாதுல்ல." சொல்லிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கண் அவர் மணிக்கட்டுக்குப் போனது. அப்பாவும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் விழுந்தா சொல்றதுக்குத்தானே இது? நான் நடக்கறதை எல்லாமா சொல்லிக்கிட்டிருக்கு? இந்தா, நீயே வச்சுக்கோ."

வாரை அவிழ்க்கவே தொடங்கிவிட்டார். அவள் பதறிப்போய்க் கெஞ்சினாள். கடைசியில் உடன்பாடு ஆனது. அலாரம் அடித்தால் மட்டும் இடம் தெரியட்டும், மற்ற நேரத்தில் தெரிய வேண்டாம். அவர் கண் முன்னாலேயே ஆப்பில் அதை மாற்றினாள். புள்ளி மறைந்தது.

அது மறைந்ததை அவள் மனசு ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன வயதில் அப்பா அவளுக்குத்தான் படித்துக் காட்டுவார், காற்புள்ளிக்கு நின்று, முற்றுப்புள்ளிக்கு மூச்சுவிட்டு. அந்தக் குரல் இப்போது யாரோ ஒருத்தியின் தையல் மிஷினுக்குத் துணையாகப் போகிறது. அன்றைக்கு டிப்போவில் சீருடையை மாட்டிக்கொண்டே ஆப்பைத் திறந்தாள். தன் பெயரைக் கட்டைவிரலால் இழுத்து உச்சியில் வைத்தாள். தையல்காரம்மா இரண்டாவது ஆனாள். அப்பாவிடம் சொல்லவில்லை. வண்டி எடுக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுபோலப் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, மனம் நிறைந்து வண்டி எடுத்தாள். எட்டு நாள் அந்த நிறைவு அவளுக்கு இனித்தது.

ஒன்பதாம் நாள் மாலை நாலரைக்கு லாக்கரைத் திறந்தபோது போனில் தையல்காரம்மாவின் அழைப்புகள் ஏழு. அதற்கு முன்னால், மதியம் ஒன்று பத்திலிருந்து, கடிகாரத்தின் அழைப்புகள் மூன்று. மூன்றையும் வாய்ஸ் மெயில் எடுத்திருந்தது.

அப்போதுதான் கம்பெனி ஆள் சொன்னது காதில் விழுந்தது, மூன்று வாரம் கழித்து. "வாய்ஸ் மெயில் எடுத்தாலும் ஆள் எடுத்துட்டாங்கன்னு மிஷின் நினைச்சுக்கும். அடுத்த நம்பருக்குப் போகாது. அதை நிறுத்திடுங்க."

தையல்காரம்மாவைக் கூப்பிட்டு இடத்தைக் கேட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் மூன்றையும் கேட்டாள். முதலாவதில் தண்ணீர் சொட்டும் சத்தம், "யாரு? கேக்குதா?" என்ற குரல். இரண்டாவதில் முனகல் மட்டும். மூன்றாவதில் அப்பா நிதானமாகப் பேசினார், காற்புள்ளிக்கு நின்று.

"பெரியவளே, பாத்ரூம்ல விழுந்துட்டேன், எழுந்திருக்க முடியல. நீ வண்டியில இருப்ப. இதைக் கேட்டா பதறிக்கிட்டு ஓட்டாத. நாலு மணிக்கு நான் வரலன்னா அவங்க மேல வந்து பாப்பாங்க. கடிகாரத்துல உன் பேருதான் தெரியுது. தையல்காரம்மாவுக்குப் போக வேண்டியது ஏன் உனக்கே வருதுன்னு தெரியல. மிஷின்ல ஏதோ தப்பு. தம்பிகிட்ட சொல்லு."

மூன்று மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு, தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தவள் தையல்காரம்மா. அந்த நாலு மணியைத்தான் பெரியவள் பொறுக்காமல் இருந்தாள்.

வார்டு வாசலில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே கிடந்தது. "இடுப்பெலும்புல விரிசலாம். நாளைக்கு ஆபரேஷன். உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு, உள்ள போ" என்றாள். குரலில் ஒரு குத்தலும் இல்லை. குத்தியிருந்தால் பெரியவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பாவின் உதடு காய்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும், "மிஷின் தப்பு பண்ணிடுச்சு. தம்பிகிட்ட சொன்னியா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். கடிகாரம் வாய் திறந்து மறுக்கப் போவதில்லை.

"மிஷின்ல தப்பு இல்லப்பா. நான்தான் வரிசையை மாத்தினேன். என் பேரு முதல்ல இருக்கணும்னு."

"எதுக்கு?"

"அவங்க முதல்ல இருந்தது எனக்குப் பொறுக்கல. நீங்க அவங்களுக்குப் படிச்சுக் காட்டுறதும்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தக் கம்பெனிப் பையன் என்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டான்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "கூப்பிட்டா யாரு எடுப்பாங்கன்னு கேட்டான். யாரு வேணும்னு கேக்கல. கேட்டிருந்தா உன் பேரைத்தான் சொல்லியிருப்பேன்."

அவள் அவர் கையைப் பிடித்தபடியே நின்றாள். அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு போனை எடுத்து, வாய்ஸ் மெயிலை நிறுத்தினாள். தையல்காரம்மாவின் பெயரைக் கட்டைவிரலால் இழுத்து உச்சிக்குக் கொண்டுபோனாள். அப்போதும் உள்ளே எங்கேயோ சுருக்கென்றது. குத்தினால் குத்தட்டும் என்று, 'சேமி' என்ற பொத்தானை அழுத்திவிட்டு, தையல்காரம்மாவை உள்ளே கூப்பிடப் போனாள்.