சிவப்பு இல்லாத டைம்லைன்

என் தம்பிக்குச் சுத்தம் பிடிக்கும். அவன் அறையைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் அவனுக்கு எல்லாம் அழகாக இருக்க வேண்டும். அந்தச் சுத்தம்தான் முதலில் என் உயிரை வாங்கியது.

அவன் எடுத்தது ஓர் ஆவணப்படம். ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்டில் பெண்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுகிறார்கள் என்பதுதான் கதை. நான் எடிட்டர். வெட்டி ஒட்டி முடித்து, இனி ஒரு ஃபிரேம்கூட மாறாது என்று சத்தியம் செய்துகொண்டு, படத்தின் நிறத்தைச் சீர்செய்யும் கலரிஸ்டுக்கு அனுப்பத் தயாரானேன். எடிட்டிங்கில் நாங்கள் தரம் குறைத்த சின்ன நகல்களை வைத்துத்தான் வேலை செய்வோம். கலரிஸ்டுக்குக் கேமராவில் எடுத்த அசல் வேண்டும். ஆகவே அசல் ஃபைல்களை ஒரு டிரைவில் போட்டு, எந்த ஷாட் எந்த ஃபைலில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் எக்ஸ்எம்எல்லையும் கொடுத்து, சரிபார்க்க ஒரு ரெஃபரன்ஸ் வீடியோவும் கூட வைப்போம். ஃபைலின் பெயரும், ஃபிரேமுக்கு ஃபிரேம் நேரம் சொல்லும் டைம்கோடும் பொருந்தினால் ஷாட் தன் இடத்தில் வந்து உட்காரும். பொருந்தாவிட்டால், ஷாட்களை வரிசையாக அடுக்கிய டைம்லைனில் அந்த இடம் சிவப்பாக நிற்கும்.

தம்பி டிரைவைக் கொண்டுபோகும் வழியில் எல்லா ஃபைல்களுக்கும் புதுப் பெயர் சூட்டியிருந்தான். கேமரா கொடுத்த எண்ணும் எழுத்தும் அவனுக்கு அசிங்கமாகப் பட்டதாம். தொழிற்சாலை வாசலை எடுத்ததற்கெல்லாம் 'கேட் காலை', 'கேட் மாலை', 'கேட் மழை'. கலரிஸ்ட் திறந்தபோது டைம்லைன் முழுக்கச் சிவப்பு.

"நல்லதுக்குத்தானேக்கா பண்ணேன்" என்றான்.

"உன் நல்லதக் கொண்டு போய்க் குப்பையில போடு. பத்து மாசக் குழந்தைக்குப் பேர மாத்தினா அது திரும்பிப் பாக்குமாடா?"

இதற்கு மேலும் நிறையச் சொன்னேன். என் வாய் அப்படி. அம்மா பக்கத்து அறையிலிருந்து வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அசல்களை மறுபடி டிரைவில் ஏற்றி, எக்ஸ்எம்எல்லை மறுபடி எடுத்து, "இதுல ஒரு எழுத்து மாறினாலும் எங்கிட்ட வராத" என்று சொல்லி அனுப்பினேன். அவன் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

படத்தின் உயிர் ஒரு பெண்மணியின் பேச்சில் இருந்தது. அவர் இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறார். பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் எங்களுக்குள் பூட்டம்மா என்று வைத்துக்கொண்டோம். வேறு யாரும் வாய் திறக்காத இடத்தில் அவர் மட்டும் பேச ஒத்துக்கொண்டார், இரண்டு நிபந்தனைகளோடு. முகம் தெரியக் கூடாது. வெளியே போவதற்கு முன் தான் ஒரு தடவை பார்க்க வேண்டும். தம்பி அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தான்.

அவர் முகத்தை நான் மங்கலாக்கி மறைத்திருந்தேன். ஆனால் அந்த மறைப்பு என் மென்பொருளில் போட்ட ஓர் எஃபெக்ட். எக்ஸ்எம்எல் அதைச் சுமந்துகொண்டு போகாது. அங்கே போய் அசலோடு சேர்ந்தால் முகம் பளிச்சென்று தெரியும். இது தெரியாத கத்துக்குட்டி இல்லை நான். ஆகவே அந்த ஷாட்களை மறைப்போடு சேர்த்தே புது ஃபைல்களாக எடுத்து, டைம்லைனில் அவற்றையே வைத்தேன். அவருடைய அசல் எதையும் டிரைவில் போடவில்லை. இல்லாத ஃபைலை எவனும் இணைக்க முடியாதல்லவா.

டிரைவ் போய்ச் சில நாட்கள் கழித்து நிறம் தீட்டிய ஷாட்களும் திரும்பி வரும் எக்ஸ்எம்எல்லும் வந்தன. தம்பி கொண்டு வந்தான். கூடவே பூட்டம்மாவும் வந்தார். அன்றுதான் அவருக்கு வார விடுமுறை, அதை விட்டால் வேறு நாள் இல்லை.

என் எடிட்டிங் அறை மூன்று பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். அவர் கதவருகே போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எக்ஸ்எம்எல்லை இறக்கினேன். ஷாட்கள் ஒவ்வொன்றாகத் தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன. தொடக்கத்திலிருந்து கடைசி வரை நகர்த்திப் பார்த்தேன். ஒரு சிவப்பு இல்லை. அத்தனை நாள் எரிச்சலும் இறங்கி மனசு லேசானது. வழக்கமாக ரெஃபரன்ஸ் வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டு ஷாட் ஷாட்டாக ஒப்பிடுவேன். அவரைக் காக்க வைக்க வேண்டாமே என்று நேரே ஓடவிட்டேன்.

கேட் வந்தது. தெருவிளக்கு வந்தது. சாயக்காரர் என்று நான் கிண்டலாக அழைக்கும் அந்தக் கலரிஸ்டின் கைவண்ணம் நன்றாகவே இருந்தது. அடுத்து ஜன்னலோரம் அமர்ந்த ஒருவரின் முகம் வந்தது. நெற்றிச் சுருக்கம், மூக்கின் மச்சம், ஈரமான கண்கள், எல்லாம் துல்லியமாக.

நிறுத்துவதற்குக் கை போனது. போய்ச் சேர நேரமானது.

பூட்டம்மா கோபப்படவில்லை. நிறுத்திய திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது நான்தானா?"

நான் தம்பியைப் பார்த்தேன்.

"இந்த அசல் எப்படிடா அங்க போச்சு?"

"அங்க மூணு ஷாட் மட்டும் சிவப்பா இருந்துச்சுக்கா. ஃபைலே டிரைவ்ல இல்லன்னு சொன்னாரு. நான் என் பேக்கப் டிரைவக் கொண்டு போய்க் குடுத்தேன்."

"எனக்கு ஒரு ஃபோன் பண்ண உனக்கு என்ன கேடு?"

"எங்கிட்ட வராதன்னு நீதானக்கா சொன்ன."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்துவதற்கு முன் என் மெஷினில் தேடினேன். மறைப்போடு எடுத்த மூன்று ஃபைல்களும் என் சொந்த டிஸ்க்கிலேயே, மென்பொருள் தானாகப் போட்டு வைக்கும் ஃபோல்டரில், சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. டிரைவுக்குப் போகவே இல்லை. என் டைம்லைன் அவற்றை இங்கிருந்தே எடுத்துக் காட்டியதால் எனக்குச் சிவப்பு தெரியவில்லை. டிரைவை வேறொரு மெஷினில் செருகித் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு எத்தனை தடவை அறிவுரை சொல்லியிருப்பேன்.

கலரிஸ்டுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆமா மேடம், மூணு ஷாட் லிங்க் ஆகல. பேர்ல பின்னாடி ஒரு வால் மட்டும் ஜாஸ்தி இருந்துச்சு, மத்தபடி அதே பேர், அதே டைம்கோடு. தம்பி குடுத்த அசலோட கச்சிதமா உக்காந்துடுச்சு."

"ரெஃபரன்ஸ்ல முகம் மறைச்சிருந்தது பாக்கலயா?"

"பாத்தேனே. எல்லாரும் கலர் முடிஞ்ச பிறகுதானே மறைப்பு போடுவாங்க. திரும்பி வந்ததும் நீங்க போடுவீங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "சொல்லப் போனா அந்த ஷாட்டுக்குத்தான் ரொம்ப நேரம் செலவழிச்சேன் மேடம். அந்த அம்மா முகம் அவ்வளவு நல்லா இருந்துச்சு."

அவர்மேல் என்ன தப்பு சொல்வது? தொழில் தெரிந்தவர் செய்கிற காரியத்தைத்தான் செய்திருக்கிறார். அறுந்த இணைப்பைக் கண்டதும் ஒட்டிவிட்டார். அந்த மூன்று மட்டும் அறுந்தே கிடந்திருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் ஒரு வரி எழுதி அனுப்பவில்லை. ஃபைல்தான் இல்லையே, சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

பூட்டம்மா ஃபோனைப் பார்த்துக் குனிந்தார்.

"சார், நான்தான் அந்த அம்மா பேசறேன். நீங்க வேலை செஞ்சப்ப வேற யாராச்சும் பாத்தாங்களா?"

கலரிஸ்டின் குரல் தாழ்ந்தது.

"இங்க ஆளுங்க வந்து போயிட்டே இருப்பாங்கம்மா. பெரிய திரை. வேற கம்பெனி விளம்பர வேலைக்கு ரெண்டு பேர் வந்து பின்னால சோஃபால உக்காந்திருந்தாங்க. எதக் கவனிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது."

"எந்தக் கம்பெனிங்க?"

"விசாரிச்சாத்தான்மா தெரியும்."

"வேணாம், கேக்காதீங்க. கேட்டா அவங்களுக்கு ஞாபகம் வந்துடும்" என்றார் அவர்.

ஃபோனை வைத்தேன். என்னிடமிருந்து பேச்சு தண்ணீர் மாதிரி ஓடத் தொடங்கியது. மறைத்த ஃபைல்கள் இங்கேயே இருக்கின்றன, இப்போதே மாற்றிவிடலாம், அங்கே இருப்பதை அழிக்கச் சொல்கிறேன், தம்பியின் பேக்கப்பை உங்கள் கண்முன்னால் அழிக்கிறேன், குரலைச் சவுண்ட் மிக்ஸர் ஏற்கெனவே மாற்றிவிட்டார், இனி ஒரு பயமும் இல்லை. எல்லாம் உண்மைதான். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

"இன்னைக்கு நான் வராம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

வழக்கம்போல ஒப்பிட்டிருப்பேன், கண்டுபிடித்திருப்பேன் என்று சொல்ல நினைத்தேன். இன்றைக்கு ஒப்பிடாமல் ஓடவிட்டவள் நான்தானே.

"நான் பேசினத எடுத்துடுங்க மேடம். மறைச்சு வேணாம். மொத்தமா."

தம்பி அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அம்மா, நீங்க பேசறது இல்லன்னா படமே இல்லம்மா. வெறும் கேட்டத்தான் காட்டணும்."

"தெரியும் தம்பி. எனக்கும் என் தங்கச்சிக்கும் அதே எடத்துல வேலை. அவளுக்கு நான் பேசினதே தெரியாது."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீ சொல்லேன்க்கா."

எனக்கு அந்தக் காட்சியின் ஒவ்வொரு ஃபிரேமும் மனப்பாடம். அதை விட மனம் வரவில்லை என்பதை மறைப்பானேன். கெஞ்சினால் ஒருவேளை இறங்கிவிடுவார் என்றும் தோன்றியது. அவர் இளகிய மனசுக்காரர். அதனால்தான் நான் கெஞ்சவில்லை.

"எடுத்துடறேம்மா" என்றேன்.

"அதுக்கு முன்னாடி ஒரு தடவ முழுசா போடுங்க. என்ன பேசினேன்னு கேட்டுக்கறேன்."

தம்பி எழுந்து கதவைத் தாழிட்டான். நான் ஓடவிட்டேன். மிக்ஸரின் மாற்றுக் குரலை நிறுத்திவிட்டு, அவருடைய சொந்தக் குரலையே வைத்தேன். அவர் தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில், உள்ளே ஒருத்திக்கு வலிப்பு வந்து எல்லோரும் கதவைத் தட்டிய கதையைச் சொல்லும்போது, திரையில் இருந்தவரோடு சேர்ந்து இவர் உதடும் அசைந்தது. முடிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றார்.

அழித்தேன். டைம்லைனில் முதலில், டிஸ்க்கில் அடுத்து, தம்பியின் டிரைவில் கடைசியாக. அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தார். நான் கேட்டபடி கலரிஸ்டும் அழித்துவிட்டு, திரையைப் படம் எடுத்து அனுப்பினார்.

கிளம்பும்போது கதவருகே செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"வேற யாரும் பேச ஒத்துக்கலல்ல, தம்பி?"

"இல்லம்மா."

அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நாங்கள் ஏதாவது சொல்வோம் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. தம்பி கதவின் தாழை நீக்கினான்.

"நாளைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.