நாற்பது பச்சைப் புள்ளிகள்

விஜயகலாவுக்கு அன்று காலை கிடைத்தது உட்கார்ந்து வாசிக்கிற வேலைதான். மண்சரிவு அபாயமுள்ள தோட்டங்களுக்கென்று அவள் வேலை செய்யும் நிறுவனம் ஒரு சாட்பொட் செய்திருந்தது. மழை பிடித்தால் அதுவே வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு வீட்டோடும் பேசும். குருவிட்ட என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நாற்பது வீடுகளில் ஒரு வாரமாகச் சோதனை ஓட்டம். அந்தப் பேச்சையெல்லாம் படித்து, பொட் அன்பாகப் பேசுகிறதா, பட்டன்கள் போதுமா, புரியாத செய்தி வந்தால் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்து அவள் சரி சொல்ல வேண்டும். சொன்னால் மத்தியானமே இன்னும் பதினொரு தோட்டத்துக்குப் போய்விடும்.

அன்பு விஷயத்தில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த வரிகளை எழுதியவளே அவள்தானே! ‘வணக்கம், நல்லா இருக்கீங்களா?’ என்று பொட் ஆரம்பிக்கும். கீழே இரண்டு பட்டன்: ‘நல்லா இருக்கோம்’, ‘உதவி வேணும்’. பொறுப்பாளர் அஸீஸ் அதை வாசித்துவிட்டு, தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த பிள்ளை எழுதினால்தான் இப்படி வரும் என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அவளுக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை.

பெல்மதுளை அலுவலகத்து ஜன்னலுக்கு வெளியே மூன்றாம் நாளாக வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. திரையில் நாற்பது வீட்டுக்கும் நாற்பது புள்ளி. நாற்பதும் பச்சை. பாதுகாப்பு என்று அர்த்தம். இந்த மழையிலும் எல்லாரும் சுகம்தான் என்று சந்தோஷமாகத்தான் வாசித்துக்கொண்டு போனாள், பாவி.

இருபத்தேழாவது வீடு தெரேசம்மா. முந்தின நாள் மாலை ‘நல்லா இருக்கோம்’ பட்டனை அமுக்கியிருந்தார். ‘ரொம்ப சந்தோஷம்!’ என்றது பொட். அதற்குக் கீழே தெரேசம்மாவின் குரல்பதிவு. ‘மன்னிக்கவும், புரியவில்லை. பட்டனை அமுக்குங்கள்’ என்றது பொட். இன்னொரு குரல்பதிவு. அதே பதில். மூன்றாவதுக்கு, ‘நன்றி, இனிய நாளாகட்டும்’ என்று பேச்சை முடித்திருந்தது. புள்ளி பச்சையாகவே நின்றது.

அவள் முதல் குரல்பதிவை அமுக்கினாள். தகரத்தில் மழை விழும் சத்தம். அதற்குள்ளே தெரேசம்மா: “வீட்டுக்குப் பின்னால மண்மேடு வெடிச்சிருக்கு புள்ள. யாருகிட்ட சொல்றது?”

யாருமே கேட்காமல் ஒரு ராத்திரி முழுக்க அந்தக் குரல் அங்கே கிடந்திருக்கிறது. உடனே நம்பரை அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். தெரேசம்மாவே எடுத்தார். பயத்தில் அவள் வாய்க்கு வந்தது பழக்கப்பட்ட வார்த்தைதான்.

“அம்மா, நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கோம் புள்ள. நீங்க?”

விஜயகலாவுக்குத் தலையில் இடி விழுந்தது. லயத்தில் யார் விசாரித்தாலும் முதலில் நல்லா இருக்கோம் என்பார்கள். மரியாதை அது. பிறகு தேத்தண்ணி, பிறகுதான் கஷ்டம். அவள் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் அப்படித்தான் சொன்னாள். இது தெரிந்த கழுதைதான் அந்தக் கேள்வியை முதல் வரியாக வைத்தாள், அந்தப் பதிலை முதல் பட்டனாக வைத்தாள்.

“அம்மா, அந்த வெடிப்பு?”

“நேத்து விரல் உள்ள போச்சு. இப்ப கையே உள்ள போகுது.”

உடனே பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஏறச் சொன்னாள். உலையில் சோறு கிடக்கிறது என்றார் தெரேசம்மா. சோறு நாசமாகப் போகட்டும் என்று கத்தினாள். லைன் துண்டானது.

கத்தல் கேட்டு அஸீஸ் ஓடிவந்தார். சாட்பொட்டை நிறுத்தும்படி, அதைச் செய்த இந்திரகுமாருக்குச் சொன்னார். இனி முதல் கேள்வியே வெடிப்பைப் பற்றித்தான். ஆளோடு பேச ஒரு பட்டன். குரல்பதிவு வந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே ஒரு ஆளிடம் தள்ளிவிட வேண்டும். அஸீஸ் இதையெல்லாம் எழுத எழுத, விஜயகலா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷம். அவள் கும்பிடாத சாமி இல்லை.

போன் அடித்தது. பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறோம் என்றார் தெரேசம்மா. அவர் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. பக்கத்து வீட்டாரோடு எட்டுப் பேரும் வந்துவிட்டோம், சமைத்துக்கொண்டிருந்த குசினி இப்போது இல்லை, மண்தான் இருக்கிறது என்றார்.

அவள் அழுதாள். அஸீஸ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அப்போதுதான் அவள் கண் திரும்பத் திரைக்குப் போனது. தெரேசம்மாவைப் போலவே மற்ற முப்பத்தொன்பது வீடும் முதல் பட்டனை அமுக்கியிருந்தது. முப்பத்தொன்பதும் பச்சை. மழை விடவில்லை.

பட்டியலின் முதல் நம்பரை அடித்தாள். யாரோ எடுத்து, யாருங்க என்றார்கள். ‘நல்லா இருக்...’ வரைக்கும் நாக்கு வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“வீட்டுக்குப் பின்னால போய்ப் பாருங்க. போனை வைக்காதீங்க. பார்த்துட்டு என்ன இருக்குன்னு சொல்லுங்க.”