நானூற்றின் மேல் இருபது

சாப்பாட்டுச் செலவு பாதி பாதி என்பதில் காயாரோகணம் உறுதியாக இருந்தார். நாகப்பட்டினத்தில் இரண்டு ஃபைபர் படகு வைத்திருப்பவர் அவர். தஞ்சாவூருக்குப் பஸ் ஏறும்போதே மனைவி சுந்தரியிடம் சொல்லிவிட்டார்.

"அவங்க பணத்துல சாப்பிட்டுட்டுப் பொண்ணக் குடுத்தாங்கன்னு நாளைக்கி ஒரு பேச்சு வரக்கூடாது."

மகள் சந்திரலேகா தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். மூட்டு வலிக்காக அங்கே வந்துகொண்டிருந்த ஷைலஜாவைத் தினமும் வண்டியில் அழைத்து வந்தவன் அவருடைய மகன் விஸ்வா. அம்மாவின் மூட்டு சரியான பிறகும் அவன் வருவது நிற்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். விஸ்வாவின் அப்பா சந்தானகிருஷ்ணன் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில், "வெளியில எங்கயாவது சந்திக்கலாம். வீட்டுல வேணாம்" என்றார். வீடு ஏன் வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் அந்த ஓட்டல். ஏசி ஹால், வெள்ளை மேஜை விரிப்பு, சைவம். ஆறு பேரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒழுங்காகவே பேசினார்கள். ஷைலஜா சுந்தரியிடம், "உங்க பொண்ணு கை பட்டுதான் நான் படி ஏறுறேன்" என்றார். சுந்தரி சிரித்தார். சந்தானகிருஷ்ணன் இந்த வருடம் மேட்டூர் எப்போது திறந்தார்கள், கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்தது என்று பேசினார். காயாரோகணம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நடந்துவிடும் போலிருக்கிறது என்று சந்திரலேகாவுக்குத் தோன்றியது. விஸ்வாவைப் பார்த்தாள். அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

பில் வந்தது. பரிமாறியவர் அதை மேஜை நடுவில் வைத்தார். சந்தானகிருஷ்ணன் எடுத்துக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"பாதி எங்களுதுங்க சார்" என்றார் காயாரோகணம்.

"இருக்கட்டும், பரவால்ல."

"இல்லீங்க, அப்படித்தான் பேசிக்கிட்டோம்."

"சரி. சாப்பாடு நாலாயிரம். சர்வீஸ் சார்ஜ் பத்து பர்சென்ட். ஜிஎஸ்டி அஞ்சு."

காயாரோகணத்துக்குக் காகிதம் தேவைப்படவில்லை. பத்தும் ஐந்தும் பதினைந்து. நாலாயிரத்துக்கு அறுநூறு. மொத்தம் நாலாயிரத்து அறுநூறு, பாதி இரண்டாயிரத்து முந்நூறு. சட்டைப் பையிலிருந்து எடுத்து எண்ணி, மேஜைமேல் வைத்தார்.

சந்தானகிருஷ்ணன் அதைத் தொடாமல் கண்ணாலேயே எண்ணிப் பார்த்தார். "பத்து ரூபா குறையுதே."

"இல்லீங்களே. பதினஞ்சு பர்சென்ட்டுன்னா அறுநூறு…"

"பில்லுல நாலாயிரத்து அறுநூத்தி இருபது போட்டிருக்கு." சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாய்க்கணக்கெல்லாம் மீன் ஏலத்துல சரி சார். இங்க பைசா பைசாவா பிரிண்ட் ஆயிடும்."

ஷைலஜா கணவரின் கையைத் தொட்டார். காயாரோகணத்தின் முகம் கறுத்தது. பத்து ரூபாய்க்காக ஏய்ப்பவன் என்று தன்னை எடுத்துக்கொண்டுவிட்டார்களோ என்று பதறினார். அந்தப் பதற்றத்தில், "கூப்பிட்டுக் கேட்டுரலாங்க, மெஷின்ல தப்பா இருக்கும்" என்றார்.

மேனேஜர் இராஜாங்கம் வந்தார். இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டவர் போல நிதானமாகச் சொன்னார்.

"ரெண்டையும் சாப்பாட்டு மேலயே போட்டா நீங்க சொல்ற நாலாயிரத்து அறுநூறுதாங்க வரும். நாங்க முதல்ல சர்வீஸ் சார்ஜைச் சேத்துருவோம். அது நாலாயிரத்து நானூறு. அதுக்கு மேலதான் வரி. அஞ்சு பர்சென்ட்டுன்னா எரநூத்தி இருபது. அந்த நானூறுக்கும் வரி உண்டுங்க, அதான் இருபது ரூபா கூடுது."

"அப்ப எங்கணக்கு தப்பில்லியே" என்றார் காயாரோகணம் மெதுவாக. "எத முதல்ல போடுறதுங்கிறதுதான்."

"ஆமாங்க. அப்புறம், சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லீங்க. வேணாம்னா எடுத்துடுறேன்."

"எடுத்துடுங்க" என்றார் சந்தானகிருஷ்ணன் உடனே. "நாலாயிரத்து எரநூத்தி இருபதுதானே?"

"எரநூறு மட்டும் சார். சர்வீஸ் சார்ஜ் போனா அது மேல போட்ட வரியும் போயிடும்."

"இருக்கட்டுங்க" என்றார் காயாரோகணம். "பரிமாறுன பிள்ளைங்களுக்குப் போறதுதானே."

"கட்டாயமில்லன்னு அவரே சொல்றார். நீங்க ஏன் சார் தாராளம் காட்டுறீங்க?"

புது பில் வந்தது. காயாரோகணம் தன் பணத்திலிருந்து இரண்டாயிரத்து நூறைத் தள்ளி வைத்தார். மீதி இருநூறைப் பரிமாறியவர் கையில் கொடுத்தார். சந்தானகிருஷ்ணன் வேறு பக்கம் பார்த்தார். இத்தனைக்கும் நடுவில் சந்திரலேகா பார்த்துக்கொண்டிருந்தது விஸ்வாவை. கணக்கு அவனுக்குத் தெரியும், கம்பெனியில் பில்லிங் மென்பொருள்தான் அவன் வேலை. அவன் போனைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனபோது காயாரோகணம் ஜன்னலோரம் உட்கார்ந்து மகளிடம் சொன்னார்: "பில்ல வாங்கிப் பாத்துட்டுப் பணத்த வச்சிருக்கணும்மா. அவசரப்பட்டுட்டேன்."

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலப்பா."

"இல்லம்மா. படிச்சவங்க முன்னாடி வாய விட்டிருக்கக் கூடாது."

சில நாள் கழித்து மருத்துவமனை வாசலில் விஸ்வா காத்திருந்தான். முகம் தெளிந்திருந்தது.

"எல்லாம் சரியாயிடுச்சு லேகா. உங்கப்பா நேத்து எங்கப்பாவுக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுட்டார். அப்பாவும் பெருசா எடுத்துக்கல. தை மாசம் வச்சிக்கலாங்கிறார்."

"எதுக்கு மன்னிப்புக் கேட்டாராம்?"

"அன்னிக்கிக் குறைச்சு வச்சதுக்கு."

"அவர் குறைச்சு வைக்கல. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். வரி எதுமேல போடறதுங்கிற குழப்பம்தான்."

"இத உங்கப்பாகிட்ட சொன்னியா?"

"பத்து ரூபா விஷயத்துக்கு அவரோட ஏன் மல்லுக்கு நிக்கணும்? உங்கப்பாவே விட்டுட்டார்."

வெறுக்கும்படி அவனிடம் ஒன்றுமில்லை. அம்மாவைப் படியில் கைபிடித்து இறக்கியவன். நாளைக்கும் அப்படியே நல்லவனாக, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவள் அப்பா ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"வேணாம் விஸ்வா" என்றாள்.

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்து அவன் சமாதானம் பேசினான். கோபமில்லை என்று புரிந்தபோது அவன் கண் கலங்கியது. அவளும் அழுதாள். பிறகு அடுத்த நோயாளி காத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ச் சொன்னாள். சுந்தரி எழுந்து அடுப்படிக்குப் போனார். வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த காயாரோகணம் கையை நிறுத்தினார்.

"என்னாலதானேம்மா?"

"இல்லப்பா. நான்தான் வேணாம்னேன்."

"அந்தப் பத்து ரூபாய…"

"உங்க கணக்கு சரிப்பா. மேனேஜரே சொன்னாரே."

"சரியா இருந்து என்னம்மா" என்றார். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. தன்மேல் பழி விழக்கூடாதென்று மகள் தாங்கிப் பேசுகிறாள் என்றே அவர் எடுத்துக்கொண்டார். வலையை ஓரமாக நகர்த்திவிட்டு, "நான் வேணும்னா நேர்ல போயி இன்னொரு தடவ பேசிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலையின் மறுமுனையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.