மூன்றாவது கம்பி

பார்லர்க்காரியிடம் எந்தக் குறையைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். தண்ணீர் சரியில்லை என்றால் மட்டும் முகம் வாடிவிடும். தலை அலசும் பேசினுக்கு மேலே இருந்த இன்ஸ்டன்ட் ஹீட்டர் கொஞ்ச நாளாகவே வேண்டாவெறுப்பாக வெதுவெதுப்பான தண்ணீரைத்தான் தந்தது. அப்புறம் அதற்கும் மனமில்லாமல், போட்ட கொஞ்ச நேரத்தில் ட்ரிப் சுவிட்சைத் தட்டிவிட்டுக் கடையையே இருட்டாக்கியது.

கொழுந்தன் எலக்ட்ரீஷியன். கூப்பிட்டால் "இதோ வரேன் அண்ணி" என்பான். அவனுடைய 'இதோ' ஒரு வாரம் நீளும். வேன் ஓட்டும் வீட்டுக்காரருக்கோ அவள் வாடிய முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அன்று காலை ஸ்க்ரூடிரைவரோடு வந்து, ஹீட்டர் பிளக்கைத் திறந்து ஏதோ செய்துவிட்டு மூடினார். அதன் பிறகு சுவிட்ச் விழவே இல்லை. தம்பி படித்த படிப்பெல்லாம் தன் கைக்கு முன்னால் எந்த மூலைக்கு என்று பீற்றிக்கொண்டு வேனை எடுத்தார். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

அன்றைக்குப் பார்த்துப் பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் வந்தார். ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகாத கடைக்கு அந்த அம்மாவின் வாய்தான் விளம்பரப் பலகை. அவர் நல்லது என்றால் பள்ளிக்கூடமே வரும், மூஞ்சியைச் சுளித்தால் ஒருத்தரும் வரமாட்டார்கள். தலைக்கு டை போட்டு, ஊறவிட்டு, பேசினில் சாய்த்து, ஷவரின் உலோகப் பிடியை எடுத்தாள். தண்ணீரைத் திறந்ததும் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பிரமை என்று நினைத்தாள். மறுபடியும் ஊர்ந்தது. டீச்சர் தலையில் இன்னும் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

சொன்னால் இந்த வாடிக்கை போய்விடும். சொல்லாவிட்டால்? அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் துணிவில்லை.

"டீச்சர், தலையைத் தூக்கி இந்தப் பக்கம் வந்துடுங்க. தண்ணியில கரண்ட் வருது."

பிடியை அப்படியே பேசினில் விட்டாள். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ஹீட்டர் பக்கமே போகாமல், வாசலில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தாள். பக்கத்து டீக்கடையில் ஒரு கெட்டில் வெந்நீர் வாங்கி, பக்கெட்டில் விளாவி, பின்வாசலில் ஸ்டூலைப் போட்டு மக்கில் மொண்டு மொண்டு அலசினாள். டீச்சர் ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காசை வைத்துவிட்டுக் கிளம்பினார். இனி வரமாட்டார் என்றே அவள் நினைத்தாள்.

கொழுந்தனுக்கு போன் போட்டு, கரண்ட் அடித்தது என்று மட்டும் சொன்னாள். இந்த முறை அவன் 'இதோ' நிஜமாகவே இதோ ஆயிற்று. பிளக்கைப் பிடுங்கினான். டெஸ்டர் வைத்துப் பார்த்தான். தண்ணீர் வால்வை மூடி, உள்ளே இருந்ததை வடித்தான். அதற்குப் பிறகுதான் ஹீட்டர் மூடியைக் கழற்றினான். ஹீட்டிங் காயில் முழுக்கச் சுண்ணாம்பு அப்பி, உறையில் ஒரு கீறல். காயிலின் இரு முனைக்கும் நடுவே மீட்டர் சரியாகத்தான் காட்டியது. ஆனால் முனைக்கும் காயிலின் வெளி உறைக்கும் நடுவிலும் முள் நகர்ந்தது. அங்கே நகரவே கூடாது. தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் வைத்துப் பார்த்தால், கை பொறுக்கும் சூட்டிலேயே கரண்டைத் துண்டித்தது. வெதுவெதுப்புக்குக் காரணம் அதுதான்.

கடைசியாக பிளக்கைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மூன்றாவது கம்பி, எர்த் கம்பி, கழற்றி டேப் சுற்றிக் கிடந்தது.

"காயில் கசியுதுன்னுதான் அண்ணி சுவிட்ச் விழுந்துச்சு. கசியற கரண்ட் இந்தக் கம்பி வழியா மண்ணுக்குப் போகும்போதே சுவிட்ச் அதைக் கண்டுபிடிச்சு விழும். வழியை அடைச்சுட்டா, அடுத்த வழி உங்க கைதான்."

டேப் சுற்றியதைப் பார்த்ததுமே அது அண்ணன் கைவேலை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதே அளவில் புதுக் காயிலும் தெர்மோஸ்டாட்டும் வாங்கிவந்து மாட்டினான். எர்த் கம்பியைப் பிளக்கில் மறுபடி முறுக்கி மாட்டினான். காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக விழும்வரை குழாயைத் திறந்து வைத்தான். ஹீட்டருக்குள் தண்ணீர் இல்லாமல் சுவிட்ச் போட்டால் புதுக் காயிலும் அவ்வளவுதான் என்றான். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமுக்கி, அது விழுவதைக் காட்டிவிட்டுத்தான் ஹீட்டரைப் போட்டான். ஆவி பறந்தது.

சாயங்காலம் டீச்சர் மறுபடியும் வந்தார், கூட இன்னொரு டீச்சரோடு. "மறைக்காம சொல்ற பொண்ணு" என்று அந்தப் புது டீச்சரிடம் அவளைக் காட்டிச் சொன்னார். பார்லர்க்காரிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கடை மூடும் நேரத்தில் வீட்டுக்காரர் வந்தார். தம்பி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான் போலிருக்கிறது. காலையில் அடித்த தம்பட்டத்தில் ஒன்றும் மிச்சமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேசினில் தலையைச் சாய்த்தார். அவளுக்குத் திட்ட நிறைய இருந்தது. தன் முகம் வாடக்கூடாது என்றுதானே செய்தார் என்று நினைத்ததும் திட்டை விட்டுவிட்டுக் குழாயைத் திறந்தாள். கையில் தொட்டுப் பார்த்து, இதமான சூட்டில் தண்ணீரை விட்டாள்.

"சூடு போதுமா?"

"ம். கண்ணுல ஷாம்பு பட்டுடுச்சு" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஷாம்பு பாட்டிலை அவள் இன்னும் திறக்கவே இல்லை.