ஆவடிக் கிளையின் விடுமுறை நாள்

எல்லாக் கிளைகளுக்கும் ஞாயிறு விடுமுறை என்பது செருப்புக்கடை முதலாளி உலகநாதனின் உத்தரவு. அதை மாற்றச் சொல்லிக் கேட்க ஆவடிக் கிளை மேலாளர் சாராள் மவுண்ட் ரோடு தலைமை அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

"பேக்டரி ஆளுங்களுக்கு அன்னிக்குத்தான் சார் லீவு. கடைய பூட்டிகினு யாருக்கு விக்கிறது?"

"இதை விட்டா, நாளைக்கு விலையும் நீங்களே வைப்பீங்க."

"விலையும் கொள்முதலும் உங்ககிட்டயே இருக்கட்டும். மொத்தமா வாங்குனாதான் மலிவு. லீவு நாள மட்டும் எங்ககிட்ட விடுங்க."

உலகநாதன் யோசித்தார். "மூணு மாசம் செஞ்சு காட்டும்மா."

வியாபாரம் மந்தமான செவ்வாயன்று கடையை மூடி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திறந்தாள். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மூன்றாம் மாத முடிவில், விடுமுறை நாளைக் கிளைகளே தீர்மானிக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது.

அன்றே அம்பத்தூர்க் கிளை மேலாளர் அந்தோணிராஜ் போனில் கேட்டார்: "நாங்களும் செவ்வாயே லீவு வுட்டுரலாமா?"

சாராள் சிரித்தாள். "உங்க தெருவ நீங்கதாண்ணே பாக்கணும்."